13க்கும் 14க்கும் நடுவே மாட்டிக்கொண்ட லூப்

சாயங்காலம் ஆறரை மணிக்கு கோவில்பட்டியிலிருந்து போன். மளிகைக்கடை அண்ணாச்சி. "தம்பி, பில் போடுற கம்ப்யூட்டர் திரும்பவும் அப்படியே நின்னு போச்சு. கடையில பத்துப் பேரு நிக்கிறாங்க" என்றார். திரும்பவும் என்றால் எத்தனையாவது தடவை என்று கேட்டேன். நேற்று ரெண்டு தடவை, இன்றைக்கு இது மூணாவது, நேற்று ஆஃப் பண்ணி ஆன் பண்ணினதும் சரியாகிவிட்டது, அதனால்தான் சொல்லவில்லை என்றார்.

அந்த பில்லிங் மென்பொருளை நானும் இன்னொரு நண்பரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். எட்டு மாதமாக அந்தக் கடையில் ஓடுகிறது, ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த வாரம் புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான்: அதுவரை ஆங்கிலத்தில் சுருக்கமாக இருந்த சரக்குப் பெயர்களையெல்லாம் அண்ணாச்சியின் மகன் உட்கார்ந்து தமிழில் மாற்றியிருந்தான். தமிழில் பில் வேண்டும் என்பது அண்ணாச்சியின் நெடுநாள் ஆசை. அதனால் என் முதல் சந்தேகம் யூனிகோட் மேல், எழுத்துரு மேல், பிரிண்டர் மேல் எல்லாம் போனது. கடைசியில் குற்றவாளி பன்னிரண்டு வரிகூட இல்லாத ஒரு பைனரி சர்ச். கல்லூரியில் முதல் வருடத்தில் எழுதிப் பழகும் அதேதான். அந்த ஒரு லூப் எப்படி நின்றுபோகாமல் சுற்றியது, ஏன் சில பெயர்களுக்கு மட்டும் சுற்றியது, திருத்தப் போய் முதலில் எப்படி வேறு தப்பு செய்தோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தக் கோட் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கடையில் இருப்பது 58 மில்லிமீட்டர் காகிதம் போடும் சின்ன தெர்மல் பிரிண்டர். அதில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி, ஆக ஒரு வரிக்கு 384 புள்ளிகள். இந்த மாதிரி மலிவு பிரிண்டரில் தமிழ் எழுத்துரு கிடையாது, அதனால் பில்லை நாங்களே படமாக வரைந்து அனுப்புகிறோம். 384 புள்ளியில் பெயருக்கு 216, மிச்சம் எண்ணிக்கைக்கும் விலைக்கும். பெயர் 216 புள்ளிக்குள் அடங்கவில்லை என்றால் எத்தனை எழுத்து அடங்குமோ அத்தோடு வெட்ட வேண்டும். முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டி அளந்தாலும் வேலை நடக்கும், ஆனால் ஒவ்வொரு அளவெடுப்புக்கும் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்க வேண்டியிருப்பதால் பழைய கம்ப்யூட்டரில் நீளமான பில்லுக்குத் தாமதம் தெரிந்தது. அதனால் பைனரி சர்ச். ஜாவாவில் இப்படி இருந்தது:

```java
int fitLength(String s, int width) {
    int lo = 0, hi = s.length();
    if (fits(s, hi, width)) return hi;
    while (lo < hi) {
        int mid = (lo + hi) / 2;
        if (fits(s, mid, width)) lo = mid;
        else hi = mid - 1;
    }
    return lo;
}
```

`fits(s, k, width)` என்றால் முதல் k எழுத்துகள் அந்த அகலத்தில் அடங்குமா என்று கேட்பது. அடங்கினால் விடை mid அல்லது அதற்கு மேலே, அதனால் `lo = mid`. அடங்கவில்லை என்றால் விடை mid-ஐவிடச் சின்னது, அதனால் `hi = mid - 1`. படித்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் நியாயம் இருக்கிறது. நானே இதை ஒரு தடவை பார்த்து "சரி, நல்லாருக்கு" என்று அனுப்பியவன்தான்.

போனில் பேசிக்கொண்டே ரிமோட்டில் உள்ளே போனேன். டாஸ்க் மேனேஜரில் எங்கள் ப்ரோகிராம் 25 சதவீதத்தில் ஆடாமல் அசையாமல் நின்றது. அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. அந்த மெஷினில் நாலு கோர். 25 சதவீதம் என்றால் ஒரு கோர் முழுசாக எதையோ ஓட்டிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரின் பதிலுக்காகக் காத்திருந்தாலோ, இரண்டு த்ரெட் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றாலோ சிபியு சும்மா கிடக்கும், பூஜ்யத்தில் இருக்கும். ஆக இது காத்திருப்பு இல்லை, சுற்றல். அப்புறம் `jstack` போட்டு த்ரெட்டுகள் எங்கே நிற்கின்றன என்று எடுத்தேன். ஒன்றுக்கு மூன்றாக, நாலைந்து வினாடி இடைவெளி விட்டு. ஒன்று மட்டும் எடுத்தால் அது தற்செயலாக அந்த இடத்தில் இருந்ததா, அங்கேயே கிடக்கிறதா என்று தெரியாது. மூன்றிலும் `AWT-EventQueue-0` என்ற த்ரெட் RUNNABLE என்றே இருந்தது. அதன் உச்சியில் இருந்த எழுத்துரு அளக்கும் வரிகள் ஒன்றுக்கொன்று மாறின. அதற்குக் கீழே `fitLength` மட்டும் மூன்றிலும் மாறாமல் உட்கார்ந்திருந்தது. உள்ளே வேலை நடக்கிறது, ஆனால் அந்த ஃபங்ஷனைவிட்டு வெளியே வரவில்லை. திரை உறைந்து போனதற்கும் இதுதான் காரணம், ஜாவாவில் திரையை வரைவதும் பட்டனைக் கவனிப்பதும் அந்தத் த்ரெட்டின் வேலை.

அண்ணாச்சியிடம் கடைசியாக என்ன பில் போட்டீர்கள் என்று கேட்டேன். "நல்லெண்ணெய் 500 மிலி" என்றார். எனக்கு அதைக் கேட்டதும் குழப்பம்தான் கூடியது. நாங்கள் தமிழ்ப் பெயரை வெட்டிப் பார்க்க சோதனைக்கு வைத்திருந்த பெயரே அதுதான். எங்கள் மெஷினில் அது நூறு தடவை ஓடியிருக்கும், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அதே பெயர், அதே கோட், அதே 216 புள்ளி. வித்தியாசம் எழுத்தின் அளவில் இருந்தது. எங்களிடம் 24, அண்ணாச்சியின் மகன் அன்று காலை செட்டிங்ஸில் போய் 22 ஆக்கியிருந்தான், கொஞ்சம் கூடுதலாகப் பெயர் தெரியட்டும் என்று. எங்களிடமும் 22 வைத்தேன். உடனே நின்றது. சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே. திரும்பத் திரும்ப வரவழைக்க முடிகிற பக் பாதி தீர்ந்த பக்.

"நல்லெண்ணெய் 500 மிலி" என்பதை யூனிகோட் கணக்கில் எண்ணினால் 20. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்: நல்லெண்ணெய் மட்டும் 11, ஒரு இடைவெளி, 500க்கு மூன்று, இன்னொரு இடைவெளி, மிலிக்கு நாலு. எழுத்தளவு 24 இருந்தபோது 12 எழுத்து அடங்கியது, அதாவது நல்லெண்ணெய்யும் அதற்கடுத்த இடைவெளியும். அளவை 22 ஆக்கியதும் 13 அடங்கியது, கூடவே அந்த 5 உள்ளே வந்துவிட்டது. லூப்புக்குள் மூன்று எண்ணையும் அச்சடிக்க வைத்துப் பார்த்தேன்:

```
lo=0   hi=20  mid=10  அடங்கும்
lo=10  hi=20  mid=15  அடங்காது
lo=10  hi=14  mid=12  அடங்கும்
lo=12  hi=14  mid=13  அடங்கும்
lo=13  hi=14  mid=13  அடங்கும்
lo=13  hi=14  mid=13  அடங்கும்
```

அதற்குக் கீழே கடைசி வரியே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. 13ஐயும் 14ஐயும் கூட்டினால் 27, இரண்டால் வகுத்தால் பதின்மூன்றரை, முழு எண் வகுத்தலில் அரை போய் 13. அதுதான் mid. 13 அடங்குமா? அடங்கும். அப்படியானால் `lo = mid`, அதாவது lo ஏற்கெனவே இருக்கிற 13ஐயே மறுபடி அதற்குள் போடுகிறோம். எதுவும் மாறவில்லை. lo இன்னும் hi-ஐவிடச் சின்னது, அதனால் லூப்பும் முடியவில்லை. 14ஐ ஒரு தடவைகூட யாரும் அளந்து பார்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் "அடங்காது" என்று பதில் வந்து hi இறங்கியிருக்கும். mid எப்போதும் கீழ்ப்பக்கமே சாய்வதால் அந்தக் கேள்வி பிறக்கவே இல்லை.

எழுத்தளவு 24இல் என்ன நடந்தது? முதல் மூன்று வரியும் இதேதான். நாலாவது வரியில் mid 13, விடை 12 என்பதால் "அடங்காது" என்று வந்தது. hi = 12 ஆனது, lo-வும் 12, முடிந்தது. lo-வுக்கும் hi-க்கும் இரண்டு வித்தியாசம் இருந்த இடத்திலிருந்து நேரே பூஜ்யத்துக்குத் தாவிவிட்டது. ஒன்று வித்தியாசம் என்ற நிலைக்குள் அது காலே வைக்கவில்லை. அதனால்தான் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். lo-வுக்கும் hi-க்கும் இடையே வித்தியாசம் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும்போது mid கட்டாயம் இரண்டுக்கும் நடுவில், இரண்டையும் தொடாமல் விழும். அப்போது `lo = mid` போட்டாலும் `hi = mid` போட்டாலும் `hi = mid - 1` போட்டாலும் ஏதோ ஒரு முனை நகர்ந்தே தீரும், இடைவெளி குறைந்தே தீரும். வித்தியாசம் ஒன்றே ஒன்று இருக்கும்போது நடுவே எண் எதுவும் இல்லை. அப்போது mid இரண்டில் ஒன்றின் தலையில் உட்கார வேண்டும், வகுத்தல் அரையை உதறிவிடுவதால் அது lo-வின் தலையில் உட்காருகிறது. ஆகவே `lo < hi` என்று ஓடும் லூப் மாட்டிக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் உண்டு, அது இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் மிச்சமிருக்கும் இடம். ஆயிரம் உறுப்புள்ள வரிசையை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. lo ஐந்து, hi ஆறு என்று வைத்துக்கொண்டு இரண்டு கிளையிலும் ஒரு தடவை நடந்து பார்த்தால் போதும். ஏதாவது ஒரு கிளையில் lo ஐந்தாகவும் hi ஆறாகவுமே திரும்பி வந்தால் அந்த லூப் ஒருநாள் மாட்டும்.

ஒருநாள் என்று சொல்கிறேனே, அது எப்போது என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கோடில் வித்தியாசம் ஒன்று என்ற நிலையை அடைந்துவிட்டால் தப்பவே முடியாது, ஏனென்றால் lo எப்போதும் அடங்குகிற எண், அதை அளந்தால் எப்போதும் "அடங்கும்" என்றுதான் வரும். எனவே அந்த நிலையைத் தொடாமல் தாண்டும் விடைகள் மட்டும் பிழைக்கும். 20 எழுத்துப் பெயருக்கு விடை 0 முதல் 19 வரை இருக்கலாம் (முழுசும் அடங்கினால் முதல் `if`-இலேயே திரும்பிவிடும்). இந்த இருபதில் லூப் முடிவது 0, 1, 6, 7, 12, 17, 18 ஆகிய ஏழுக்கு மட்டும். மிச்சம் பதின்மூன்றும் மாட்டும். எங்கள் சோதனைப் பெயர் போய் அந்த ஏழில் ஒன்றில் விழுந்திருக்கிறது. அந்த முதல் `if` மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம், ஏனென்றால் முழுசாக அடங்கும் பெயர் ஒவ்வொன்றுக்கும் லூப் மேலேயே ஏறி ஏறிக் கடைசி ஒன்றில் போய் மாட்டும். வேகத்துக்காகச் சேர்த்த அந்த `if`தான் எட்டு மாதம் இதை மூடி வைத்தது. ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள் எல்லாம் அந்த வாசலிலேயே திரும்பிவிட்டன, லூப்புக்குள் போனவை மிகக் கொஞ்சம்.

இனி திருத்திய கதை. கடையில் ஆள் நிற்கிறது, அண்ணாச்சி போனை வைக்கவில்லை. நண்பர் பார்த்த உடனே சொன்னார், "lo நகரலை, அவ்வளவுதானே, `lo = mid + 1` போட்டுடு." போட்டேன். லூப் முடிந்தது. பில் வந்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் அண்ணாச்சியே மறுபடி கூப்பிட்டு, "தம்பி, பேரு போயி எண்ணிக்கை மேல ஏறி அச்சாகுது" என்றார்.

நடந்தது இது. 10 அடங்கும், lo 11. அடுத்து 15 அடங்காது, hi 14. அடுத்து 12 அடங்கும், lo 13. அடுத்து 13 அடங்கும், lo 14. இப்போது lo-வும் hi-யும் 14, லூப் முடிந்தது, 14 என்று திருப்பிக் கொடுத்தது. 14 எழுத்து அடங்காது. கடைசி வரை அந்த 14ஐ யாரும் அளக்கவில்லை, இந்தத் தடவையும். முன்பு அளக்காமல் அங்கேயே சுற்றியது, இப்போது அளக்காமலே விடை என்று நீட்டியது. `lo = mid` என்று எழுதியபோது lo என்றால் "இது அடங்கும் என்று எனக்குத் தெரியும்" என்று பொருள். `mid + 1` போட்டதும் அந்தப் பொருள் செத்துவிட்டது. lo இப்போது "இன்னும் அளக்காதது" என்று ஆகிவிட்டது, ஆனால் கீழே `return lo` மட்டும் பழைய பொருளையே நம்பிக்கொண்டிருக்கிறது. முடிவில்லாத லூப்பைப் பார்த்ததும் எங்காவது ஒரு +1 ஒட்டினால் நின்றுவிடும் என்பது உண்மைதான், ஆனால் நிற்பதும் சரியான விடையில் நிற்பதும் வேறு வேறு. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் நான் தப்பான விடையைத்தான் சொல்வேன். மாட்டிய லூப்பை அண்ணாச்சி பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு எழுத்து பிசகியதைக் காகிதத்தில் கண்ணால் பார்க்க முடிந்ததால் தப்பித்தோம், அதுவே ஒரு கணக்கில் ஒரு ரூபாய் பிசகியிருந்தால்?

சரியான திருத்தம் அதே வரியின் வேறு இடத்தில் இருக்கிறது. `lo = mid` அப்படியே இருக்கட்டும், mid மேல்பக்கம் சாயட்டும்: `mid = (lo + hi + 1) / 2`. இப்போது 13, 14 என்று வந்தால் 28ஐ இரண்டால் வகுத்து mid 14. அடங்காது, hi 13, முடிந்தது. ஒரு வேளை அடங்கினாலும் lo 14 ஆகி முடியும். நான் மனதில் வைத்திருப்பது இவ்வளவுதான்: எந்த முனை mid-ஐ அப்படியே எடுத்துக்கொள்கிறதோ, mid அந்த முனைக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். `hi = mid` என்று எழுதினால் சாதாரண வகுத்தல் போதும், அது lo பக்கம் சாயும். `lo = mid` என்று எழுதினால் ஒன்றைக் கூட்டி hi பக்கம் சாய்க்க வேண்டும்.

ஆனால் கடையில் இன்று ஓடுவது இதுவும் இல்லை. இரவு நிதானமாக உட்கார்ந்து இப்படி மாற்றினேன்:

```java
while (hi - lo > 1) {
    int mid = lo + (hi - lo) / 2;
    if (fits(s, mid, width)) lo = mid;
    else hi = mid;
}
return lo;
```

லூப்புக்குள் நுழையும்போது lo பூஜ்யம், அது அடங்கும். hi மொத்த நீளம், அது அடங்காது, மேலே இருக்கும் `if` அதை ஏற்கெனவே கேட்டுவிட்டது. ஆரம்பம் முதல் கடைசி வரை lo என்றால் "அடங்கும்", hi என்றால் "அடங்காது". அடங்குவதும் அடங்காததும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றதும் வேலை முடிந்தது, lo-தான் விடை. மாட்டக்கூடிய அந்த ஒரே இடத்துக்குள், வித்தியாசம் ஒன்றாக இருக்கும் இடத்துக்குள், இந்த லூப் நுழைவதே இல்லை. +1ம் இல்லை, -1ம் இல்லை. நம் பெயருக்கு ஓட்டினால் 0-20, 10-20, 10-15, 12-15, 13-15, கடைசியாக 13-14 என்று வந்து நின்று 13 என்று சொல்லும். 14ஐ இங்கே உண்மையிலேயே அளந்துவிட்டுத்தான் சொல்கிறது. எங்கே எழுதினாலும் இப்போது இந்த வடிவத்தைத்தான் எழுதுகிறேன். ஒரு நிபந்தனை உண்டு, இரண்டு முனையும் நிஜமாகவே அந்தப் பொருளுக்கு உண்மையாக இருக்க வேண்டும். ஒரு எழுத்துகூட அடங்காத குறுகலான இடமாக இருந்தால்? முதல் பூஜ்ய எழுத்து எந்த அகலத்திலும் அடங்கும் என்பதால் நமக்குக் கவலை இல்லை. வேறு இடத்தில் lo-வை -1 என்று வைக்க வேண்டி வரும், அதாவது வரிசைக்கு ஒரு படி வெளியே. அதை அளக்க யாரும் போவதில்லை என்பதால் அது பாதுகாப்பானதுதான்.

மாணவர்களின் கோடில் நான் அதிகம் பார்க்கிற இன்னொரு கலப்பும் இருக்கிறது, அது இரண்டு வடிவங்களைப் பாதிப் பாதி எடுத்து ஒட்டுவது. `while (lo <= hi)` என்று ஆரம்பித்து உள்ளே `hi = mid` என்று எழுதுவார்கள். இங்கே மாட்டும் இடம் இன்னும் ஒரு படி உள்ளே: lo-வும் hi-யும் சமமாக, இரண்டும் ஐந்து என்று இருக்கும்போது mid ஐந்து, `hi = mid`, மறுபடி ஐந்து. `<=` போட்டால் இரண்டு கிளையும் mid-ஐத் தாண்டிப் போக வேண்டும், ஒரு பக்கம் `mid + 1`, மறு பக்கம் `mid - 1`. `<` போட்டால் ஒரு பக்கம் mid-ஐ வைத்துக்கொள்ளலாம். லூப்பின் நிபந்தனையை ஒரு இடத்திலிருந்தும் உள்ளே இருப்பதை வேறு இடத்திலிருந்தும் நினைவிலிருந்து எடுத்தால் இது வந்தே தீரும்.

mid எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. வகுத்தல் கீழே சாயும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், அது பூஜ்யத்துக்கு மேலே உள்ள எண்களுக்குத்தான். ஜாவாவிலும் சியிலும் `(-1 + 0) / 2` போட்டுப் பாருங்கள், பூஜ்யம் வரும். மைனஸ் அரையைப் பூஜ்யத்தின் பக்கம் இழுக்கும் வகுத்தல் அது. lo மைனஸ் ஒன்று, hi பூஜ்யம் என்றால் mid இப்போது hi-யின் தலையில் உட்கார்ந்துவிட்டது. `hi = mid` என்று எழுதிய, இத்தனை நாள் சரியாக ஓடிய லூப் அங்கே மாட்டும். பைத்தானில் `(-1 + 0) // 2` மைனஸ் ஒன்று தரும், அதனால் அங்கே மாட்டாது. வெப்பநிலை, லாப நஷ்டம் என்று மைனஸுக்குள் போகும் எதையாவது தேடும்போது இது வரும். `lo + (hi - lo) / 2` என்று எழுதினால் கழித்து வரும் வித்தியாசம் எப்போதும் பூஜ்யமோ அதற்கு மேலோ என்பதால் சாய்வு என்றும் lo பக்கம்தான்.

இப்படி எழுதச் சொல்வதற்குப் பலரும் சொல்லும் காரணம் வேறு. lo-வையும் hi-யையும் கூட்டினால் 2147483647ஐத் தாண்டி மைனஸாகப் புரண்டுவிடும் என்பது அது. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே அந்தப் பிழை பல வருடம் இருந்ததை 2006இல் ஜோஷுவா பிளாக் எழுதினார். உண்மைதான், ஆனால் அது நடக்க வரிசையில் நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் வேண்டும், அப்போதும் மைனஸ் இன்டெக்ஸைத் தொட்டு ப்ரோகிராம் கத்திக்கொண்டு விழுந்துவிடும், மௌனமாகச் சுற்றாது. எங்களைப் போன்றவர்களுக்கு சாய்வு மாறுவதுதான் நிஜமான ஆபத்து.

தசம எண்களிலும் இதே கதை வேறு வேஷத்தில் வரும். `while (hi - lo > 0.000001)` என்று எழுதிவிட்டு, தசமத்தில் நடுவே எப்போதும் ஒரு எண் இருக்கும், மாட்டாது என்று நினைப்போம். double-இல் அப்படி இல்லை. நேரத்தை 1970இலிருந்து மில்லி வினாடியாக எண்ணி double-இல் வைத்தால் இன்றைய எண் 1.7 லட்சம் கோடிக்கு மேல். அந்த உயரத்தில் ஒரு double-க்கும் அடுத்த double-க்கும் இடையே 0.00024 இடைவெளி. அதைவிட நெருக்கமாக இரண்டு வெவ்வேறு எண்கள் அங்கே இருக்கவே முடியாது. lo-வும் hi-யும் பக்கத்துப் பக்கத்து double-ஆக வந்து நின்றதும் mid இரண்டில் ஒன்றாக உருண்டுவிடும், வித்தியாசம் 0.000001க்குக் கீழே என்றைக்கும் போகாது. 13க்கும் 14க்கும் நடுவே நடந்ததேதான். அங்கே நான் `while`-ஐ விட்டுவிட்டு `for` போட்டு நூறு தடவை பாதியாக்குவேன். சாதாரணமாக வரும் அளவுகளுக்கு அது தேவைக்கு மேலேயே போதும், அதோடு கட்டாயம் நிற்கும்.

நம் கடைக்குத் திரும்புகிறேன். லூப் முடிவதை உறுதி செய்ய ஒரு சோதனை எழுதினேன். எழுத்துருவெல்லாம் வேண்டாம், `fits`-க்குப் பதிலாக "k-க்கு மேல் போனால் அடங்காது" என்று ஒரு பொய் ஃபங்ஷன். நீளம் 0 முதல் 40 வரை, ஒவ்வொரு நீளத்துக்கும் விடை 0 முதல் நீளம் வரை ஒன்று விடாமல். மொத்தம் 861 ஜோடி, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் விடை சரியா என்று பார்ப்பதோடு, `fits` பத்துத் தடவைக்கு மேல் கூப்பிடப்பட்டால் அங்கேயே பிழை என்று நிறுத்திவிடும். 40 நீளத்துக்குப் பாதிப் பாதியாக்க ஆறு தடவை, முதல் `if`-க்கு ஒன்று, பத்து தாராளம். அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் சோதனையே மாட்டிக்கொண்டு நிற்கும், பிழை எந்த ஜோடியில் என்று சொல்லாது. பழைய கோடை இதில் ஓட்டினேன். நீளம் 1, விடை 0. லூப்புக்குள் நுழைந்த முதல் ஜோடியே மாட்டியது. நாங்கள் 20 எழுத்துப் பெயரை வைத்துச் சோதித்தபோது ஒரே ஒரு எழுத்துள்ள பெயர் இதைக் காட்டிக்கொடுக்கக் காத்திருந்திருக்கிறது.

அந்தப் பொய் ஃபங்ஷன் நிஜத்திலிருந்து ஒரு இடத்தில் விலகுகிறது என்பதையும் எழுதிவிட வேண்டும். எழுத்து கூடக் கூட அகலம் கூடும் என்று பைனரி சர்ச் நம்புகிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் அப்படித்தான். தமிழில் "ஸ்ரீ" இருக்கிறது. யூனிகோடில் அது ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நாலு. மூன்றாவது வரை வெட்டினால் "ஸ்ர" என்று இரண்டு எழுத்தாக நீண்டு நிற்கும், நாலாவது சேர்ந்ததும் ஒரே வடிவமாகச் சுருங்கிவிடலாம். எங்கள் எழுத்துருவில் சுருங்கியது, அளந்து பார்த்தேன். அதாவது 3 அடங்காமல் 4 அடங்கும் நிலை வரலாம். நல்லவேளை, இது லூப்பை மாட்டவைக்காது. இடைவெளி குறைவதற்கும் `fits` உண்மை சொல்கிறதா என்பதற்கும் சம்பந்தமில்லை, அது என்ன பதில் சொன்னாலும் ஒரு முனை நகர்ந்துவிடும். விடை ஓரிரு எழுத்து குறைவாக வரலாம், அவ்வளவுதான். பிறகு யூனிகோட் துண்டுகளை எண்ணுவதை விட்டு முழு எழுத்துகளை எண்ணி வெட்டும்படி மாற்றினோம், புள்ளி இல்லாமல் "நல்லெண்ணெய" என்று அறுந்து நிற்பதும் அதோடு போனது.

மறுநாள் காலை அண்ணாச்சிக்கு புது வெர்ஷன் ஏற்றிக் கொடுத்தேன். அன்று முழுக்க நிற்கவில்லை. சாயங்காலம் போன் வந்தது. "தம்பி, மிஷின் நல்லா ஓடுது. ஆனா பில்லுல 'நல்லெண்ணெய் 5'னு வருது. வாங்குறவுக அஞ்சு என்ன, அஞ்சு லிட்டரா, அஞ்சு பாட்டிலான்னு கேக்காக." லூப் சொன்ன 13 சரியான விடைதான், அந்த 5 வரை நிஜமாகவே அடங்கியது. அளவை மட்டும் பெயரிலிருந்து பிரித்து, வெட்டவே படாத தனி வரியில் போட்டோம்.